போர்வெல் மதிப்பீட்டில் தண்ணீர் வராத குழிக்கும் ஒரு வரி

100 அடிக்கு 60 அடி அளவுள்ள ஒரு சிறு நிலத்தில் வேலி போடுவது, போர்வெல் இறக்குவது என்ற இரண்டு வேலைகளுக்கும் ஒரே மாதத்தில் மதிப்பீடு தயாரித்தேன். வேலிக் கணக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. சுற்றளவு 320 அடி, 8 அடிக்கு ஒரு தூண் என்றால் 40 தூண்கள், நான்கு மூலைகளிலும் கம்பியின் இழுவையைத் தாங்க இரண்டிரண்டு சாய்வுக் கால்கள், ஒரு வாசல், கம்பியின் நீளம், குழிக் கூலி, சிமென்ட் என எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துவிட முடிந்தது. அப்படி அளந்தவற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகு வர வாய்ப்பில்லை. போர்வெல்லுக்கு அதே முறையில் கணக்குப் போட முயன்றபோதுதான், அளக்கவே முடியாத ஒன்றுக்கு மதிப்பீடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டேன், தோண்டிய பிறகு அது எவ்வளவு தூரம் பொருந்தியது என்பதே இந்தப் பதிவு.

ஒரு முன்குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலியை முதலில் போட்டு முடித்துவிடக் கூடாது. துளையிடும் ரிக் லாரியும், ஒன்றோடொன்று இணைத்து இறக்கும் ராடுகளையும் கருவிகளையும் ஏற்றிவரும் துணை லாரியும் உள்ளே வந்து திரும்ப வேண்டும். ரிக்கின் கோபுரம் நிமிர்வதற்குத் தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடம் வேண்டும். நான் மூன்று பக்கங்களை மட்டும் முடித்துவிட்டு, நான்காவது பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன்.

ரிக் உரிமையாளரிடம் விலை கேட்டபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஓர் எண், அதாவது ஓர் அடிக்கு இவ்வளவு என்பது. முதல் 300 அடிக்கான அந்த விலையையே இங்கே 1 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். வாசிப்பவர்கள் தங்களுக்குச் சொல்லப்படும் விலையை அந்த இடத்தில் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். 300 அடி தோண்ட 300 அலகு என்பதுதான் பேச்சில் நின்ற தொகை. ஆனால் தாளில் எழுதித் தரும்படி கேட்டபோது மற்றவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. 300 அடிக்குக் கீழே அடுத்த 100 அடிக்கு விலை 1.1 அலகாகவும், அதற்கடுத்த 100 அடிக்கு 1.25 அலகாகவும் ஏறும். கேசிங் பைப் தனிக் கணக்கு. அது அடிக்கு 4 அலகு. ரிக் வந்து போக 60 அலகு. ஆக, ஓர் அடி தோண்டுவதைப் போல நான்கு மடங்கு செலவு வைப்பது கேசிங்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கேசிங் எவ்வளவு இறங்கும் என்பதை நிலமே தீர்மானிக்கிறது. கடினப்பாறைப் பகுதிகளில் மேலே மண், அதன் கீழே உதிர்ந்து நொறுங்கும் சிதைந்த பாறை, அதற்கும் கீழே திடமான பாறை என்ற வரிசை இருக்கும். மேலே உள்ள தளர்ந்த பகுதி இடிந்து குழிக்குள் விழாமலிருக்க, திடப்பாறையில் சற்று ஊன்றி நிற்கும் வரை கேசிங் இறக்கியாக வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்க நினைத்து 10 அடி குறைத்தால், பின்னால் சேறும் கல்லும் இறங்கி மோட்டாரையே புதைத்துவிடும். தண்ணீர் கிடைப்பதும் இதே அமைப்பைப் பொறுத்ததுதான். திடப்பாறையின் உடம்பில் தண்ணீர் இல்லை. அதிலுள்ள வெடிப்புகளில்தான் இருக்கிறது. ஆழம் கூடக் கூட மேலிருக்கும் பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகிவிடுவதால், அவை எதிர்ப்படும் வாய்ப்பு பொதுவாகக் குறைந்துகொண்டே போகிறது. கீழே போகப் போக அடி விலை ஏறுகிறது, தண்ணீர் காணும் வாய்ப்போ இறங்குகிறது. இந்த இரண்டும் எதிர்த்திசையில் நகர்வதால்தான் எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பது செலவுக் கணக்கின் நடுமையமாகிறது.

வாய்ப்பை எண்ணாக்குவதற்கு, சுற்றியுள்ள கிணறுகளைப் பற்றி விசாரிப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. மண்ணும் பாறையும் மின்சாரத்துக்குத் தரும் தடையை அளக்கும் நிலத்தடி நீர் ஆய்வும் செய்தேன். சிதைந்த பாறை எந்த இடத்தில் தடிமனாக இருக்கிறது என்று அது ஓரளவு சொல்லும். ஆனால் 200 அடிக்குக் கீழே விரல் தடிமனில் ஓடும் ஒரு வெடிப்பை அது காட்டித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஈரக் களிமண்ணையும் தண்ணீரையும் அது குழப்பிக்கொள்வதும் உண்டு. ஆகவே அந்த ஆய்வை நிலத்துக்குள் எந்த இரண்டு இடங்கள் மேல் என்று தேர்ந்தெடுக்க மட்டுமே பயன்படுத்தினேன்.

விசாரணையில் ஒரு கண்ணி இருக்கிறது. நடந்து போகும்போது நம் கண்ணில் படுபவை எல்லாம் மோட்டார் ஓடும் கிணறுகள். தண்ணீர் வராத குழிகள் மூடப்பட்டு, மேலே புல் முளைத்துக் கிடக்கும். "உங்கள் போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது" என்று மட்டும் கேட்டால், வெற்றிகளை மட்டுமே எண்ணிக்கொண்டு திரும்புவோம். நான் ஒவ்வொருவரிடமும், இதற்கு முன்பு இந்த நிலத்தில் வேறு எங்காவது தோண்டினீர்களா என்பதையே முதல் கேள்வியாக வைத்தேன். முதலில் எண்ணியபோது 7 கிணறுகள், ஏழிலும் தண்ணீர். அந்தக் கேள்விக்குப் பிறகு மொத்தம் 11 குழிகளானது, அவற்றில் 4 வறண்டவை. தண்ணீர் வந்த ஏழில் ஆறு 300 அடிக்குள் கண்டவை. மற்ற ஐந்தில் இரண்டை 300 அடியோடு நிறுத்திவிட்டார்கள். மூன்றை 500 அடி வரை கொண்டுபோக முடிவு செய்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றில் மட்டும் 410 அடியில் தண்ணீர் வந்தது. அந்த ஒன்றைப் பற்றி அதன் உரிமையாளர் சொன்ன ஒரு தகவலை நல்லவேளையாகக் குறித்துவைத்தேன்: 280 அடியிலேயே வெளிவரும் தூசி ஈரமாகத் தொடங்கியிருந்ததாம்.

ஆக 300 அடிக்குள் தண்ணீர் காணும் வாய்ப்பு 11-க்கு 6, அதாவது ஏறத்தாழ 55 விழுக்காடு. முதல் குழி வறண்டுவிட்டால் இரண்டாவதற்கும் அதே 55 விழுக்காட்டைப் போடுவது தவறு, ஏனென்றால் முதல் தோல்வியே இந்த நிலத்தின் பாறையைப் பற்றிய ஒரு கெட்ட செய்தி. அதனால் இரண்டாவதற்கு 40 விழுக்காடு என்று குறைத்துக்கொண்டேன். இந்த 40 என்பது என் தீர்ப்பே தவிர அளவீடு அல்ல.

அடுத்து, வறண்ட குழி என்றால் என்ன என்பதை எனக்குள் வரையறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரிக்காரர்களுக்கு அது ஒரு பொருள், பெரிய தோப்பு வைத்திருப்பவருக்கு இன்னொன்று. என் தேவை நாளுக்கு 1,200 லிட்டர். சொட்டுநீரில் நிற்கும் சில மரங்களும் ஒரு சிறு வீடும்தான். அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு 0.83 லிட்டர் ஊறினால் போதும். கோடையில் ஊற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், தோண்டும் அன்று நிமிடத்துக்கு 2.5 லிட்டர் நிலையாக வர வேண்டும். அதற்குக் குறைந்தால் எனக்கு அது வறண்ட குழி, கூடினால் வெற்றி. இந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் பின்னால் ஒரு பெரிய செலவைத் தடுத்தது.

இனி மதிப்பீடு. வெற்றி பெறும் ஒரு குழி சராசரியாக 220 அடியில் நிற்கும் என்றும், கேசிங் 60 அடி இறங்கும் என்றும் எடுத்துக்கொண்டேன்: 220, கேசிங்குக்கு 240, ரிக் வரவுக்கு 60 என மொத்தம் 520. மோட்டார், குழாய், கேபிள், பேனலுக்கு 400. வறண்ட குழியோ 300 அடி வரை போகும்: 300, 240, 60, அதோடு அதை அடைத்து மூட 20 என மொத்தம் 620. வறண்ட குழியிலிருந்து கேசிங்கை உருவி எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். சில சமயம் முடியும், ஆனால் அதை வரவாக எழுதிக்கொள்ளவில்லை. மூடும் செலவை யாரும் சொல்லவே மாட்டார்கள். ஒரு குழந்தை உள்ளே போகும் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் குழியை ஒரு கல்லை மட்டும் வைத்து மறைத்துவிட்டுப் போவது எந்த நிலையிலும் ஏற்க முடியாத செயல். அடிமட்டம் வரை மண்ணும் களிமண்ணும் இட்டு நிரப்பி, மேலே கான்கிரீட் போடும் வரை அந்த வேலை முடிந்ததாகாது.

இரண்டு குழிகளுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்திருந்ததால், நடக்கக்கூடியவை மூன்றுதான். முதல் குழியிலேயே தண்ணீர் வந்தால் செலவு 920, அதற்கான வாய்ப்பு 55 விழுக்காடு. முதலாவது பொய்த்து இரண்டாவதில் வந்தால் 1,540, வாய்ப்பு 18 விழுக்காடு. இரண்டும் பொய்த்தால் 1,240 செலவாகியும் கையில் தண்ணீர் இருக்காது, அதற்கு வாய்ப்பு 27 விழுக்காடு. ஒவ்வொரு தொகையையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 1,118 அலகு வருகிறது. பேச்சில் நின்ற 300 அலகுக்கும் இதற்கும் உள்ள தொலைவைப் பார்த்துச் சிறிது நேரம் தாளையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஆனால் சராசரியை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 27 விழுக்காடுதான். நாலில் ஒரு தடவைக்கும் மேலாக எல்லாப் பணமும் போய், தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவரும் நிலை வரும். அதைத் தாங்க முடியாதென்றால் தோண்டத் தொடங்கவே கூடாது. நான் 1,540-ஐக் கையில் வைத்துக்கொண்டுதான் தேதி குறித்தேன்.

இன்னொரு கணக்கையும் வீட்டிலேயே போட்டு வைத்தேன். 300 அடியில் ஒன்றும் வரவில்லையென்றால் அதே குழியை 500 வரை கொண்டுபோவதா, இடம் மாற்றுவதா? ஆழப்படுத்த 110, 125 எனக் கூடுதலாக 235 ஆகும். தண்ணீர் வந்தால் நீளக் குழாய்க்கும் பெரிய மோட்டாருக்கும் இன்னும் 150. புதிய குழிக்கு, ரிக் நிலத்திலேயே நின்றால், 540 அலகு. 40 விழுக்காடு வாய்ப்பில் பார்த்தால் ஒரு வெற்றிக்கு 1,350 விழுகிறது. இரண்டும் சமமாகும் புள்ளியைத் தேடினால், 300-க்குக் கீழே தண்ணீர் காணும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஆழப்படுத்துவது லாபம், அதற்குக் குறைந்தால் இடம் மாற்றுவதே மேல். மூன்றில் ஒன்று என்று விசாரணை சொன்னது. ஆனால் அந்த ஒன்றிலும் முன்கூட்டியே ஈரத் தூசி வந்திருந்தது. அறிகுறி இல்லாமல் தொடர்ந்த மற்ற இரண்டும் பொய்த்தவை. அதனால் என் விதி இப்படி அமைந்தது: தூசியில் ஈரமோ, துரு நிறக் கல்லோ கண்டால் தொடரலாம், இல்லையென்றால் 300-ல் நிறுத்த வேண்டும்.

தோண்டும் நாளன்று ஒரு நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டி நின்றேன். முதல் ராடை அளந்துகொண்டேன். சரியாக 20 அடி. அதன் பிறகு ஆழத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இறங்கும் ராடுகளை எண்ணினால் போதும். ஒவ்வொரு ராடும் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, வெளியே வரும் தூசி என்ன நிறம் என்பதை எழுதிக்கொண்டே வந்தேன். மேலே செம்பழுப்பு நிறப் பொடி, ராடுக்கு 5 நிமிடம். கேசிங் 60-ல் நிற்கவில்லை, 72 அடி வரை போனது. அதன் பிறகு சாம்பல் நிறம், ராடுக்கு 14 நிமிடம். வெடிப்பு எதிர்ப்பட்டால் ராடு திடீரென்று வேகமாக இறங்கும், ஹாமரின் ஓசை மாறும், தூசியோடு பழுப்புக் கறை படிந்த சில்லுகள் வரும். 200 அடிக்குப் பிறகு வந்த ஐந்து ராடுகளும் 14 நிமிடம், 15 நிமிடம் என்று ஒரே சீராக இறங்கின. தூசியைக் கையில் எடுத்து அழுத்தினேன். மாவு போல உதிர்ந்ததே தவிர உருண்டையாகப் பிடிபடவில்லை.

"இன்னும் நூறு அடி போட்டுப் பார்த்திடலாம் சார், இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்றார் ஆபரேட்டர். அவர் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இதுவரை செலவானது எப்படியும் போனதுதான். அடுத்த அடிக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டுமே அந்த நேரத்தில் கேள்வி. நோட்டில் ஓர் அறிகுறியும் இல்லை. நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் காலை 70 அடி தள்ளி இரண்டாவது இடத்தில் தொடங்கினோம். கேசிங் 64 அடி. 205 அடி சுமாரில் ராடு 9 நிமிடத்தில் இறங்கியது, தூசி கட்டி கட்டியாக வந்தது, பிறகு தூசியே நின்று சேறாக வழிந்தது. 210 அடியில் தண்ணீர். அங்கேயே நிறுத்தாமல் 300 வரை போகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆறரை இஞ்ச் குழியில் ஓர் அடி ஆழத்தில் ஏறத்தாழ 6.5 லிட்டர் நிற்கும். மெல்ல ஊறும் கிணற்றுக்கு இரவெல்லாம் ஊறுவதைத் தேக்கி வைக்க இடம் வேண்டும். கீழே இருக்கும் 90 அடி அதற்கான தொட்டி.

தண்ணீரை அளப்பதில்தான் மிகுதியான ஏமாற்றம் நடக்கிறது. இத்தனை இஞ்ச் தண்ணீர் என்று சொல்லும்போது, செங்கோணத்தில் வெட்டிய முக்கோணப் பள்ளத்தின் வழியே தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்தில் வழிகிறது என்பதைச் சொன்னால் அது உண்மையான அளவு. ஆனால் 2 இஞ்ச் என்பது 1 இஞ்சின் இரு மடங்கு அல்ல. 1 இஞ்சில் நிமிடத்துக்கு 8 லிட்டர் சொச்சம், 2 இஞ்சில் 48 லிட்டர் சுமார். கண்ணால் பார்த்து அரை இஞ்ச் கூட்டிச் சொன்னால் கணக்கே மாறிவிடும். ஊற்று சிறியதாக இருந்ததால் நான் 15 லிட்டர் வாளியை வைத்தேன். கம்ப்ரஷர் காற்று ஊதத் தொடங்கியவுடன் வாளி இரண்டரை நிமிடத்தில் நிறைந்தது, அதாவது நிமிடத்துக்கு 6 லிட்டர். வெடிப்பில் ஏற்கெனவே தேங்கியிருந்ததும் சேர்ந்து வருவதால் முதல் அளவை நம்பக் கூடாது. தொடர்ந்து 40 நிமிடம் ஊதவிட்டு மறுபடி வைத்தபோது 5 நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 3 லிட்டர்.

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். இது பெயில், இன்னொரு இடம் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. பெரும்பாலானவர்களின் தேவைக்கு அது உண்மையும்கூட. நோட்டில் 2.5 என்று எழுதியிருந்த இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இது போதும் என்றேன். அந்த எண் எழுதப்படாமல் இருந்திருந்தால், அந்த வெயிலிலும் ஏமாற்றத்திலும் மூன்றாவது குழிக்குச் சம்மதித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசிச் செலவு 1,654 அலகு. முதல் குழி மூடியதோடு சேர்த்து 668, இரண்டாவது 556, மோட்டார் வகையில் 430. மதிப்பீட்டின் இரண்டாவது கிளையான 1,540-ஐ விட 114 கூடுதல். அதில் 48 முதல் குழியில் கூடுதலாக இறங்கிய 12 அடி கேசிங், 36 இரண்டாவது குழியை 300 வரை கொண்டுபோனதில் ஏறியது (ரிக் வரவு மிச்சமானதைக் கழித்த பிறகு), 30 மோட்டாருக்கு டைமரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும் பாதுகாப்பும் வைத்ததில் வந்தது. அடுத்த முறை கேசிங்குக்கு விசாரணையில் கிடைத்த சராசரியை எழுதாமல், அதிகபட்சத்தையே எழுதுவேன்.

இந்தக் கணக்கு கடினப்பாறைக்கு மட்டுமே பொருந்தும். ஆற்று வண்டலிலும் மணற்பகுதியிலும் தண்ணீரே வராமல் போவது அரிது. அங்கே உப்புத் தண்ணீர் வருவதும், குழிக்குள் மணல் இறங்குவதுமே இழப்புகள். அதற்கு அடிமட்டம் வரை கேசிங், சல்லடைக் குழாய், சுற்றிலும் சரளை என்று செலவின் அமைப்பே வேறு.

ஒரு நாள் விட்டுப் பார்த்தபோது தண்ணீர் 110 அடிக்கு ஏறி நின்றது. மோட்டாரை 280 அடியில் தொங்கவிட்டு, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 8 நிமிடம் ஓடும்படி டைமரை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் 200 லிட்டர், நாளுக்கு ஆறு தடவை. கோடையின் கடைசி வாரத்தில் கிணற்றைத் தாழ இறைத்துவிட்டு, எடை கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டம் ஏறும் வேகத்தை அளந்தேன். ஒரு மணி நேரத்தில் 11 அடி ஏறியிருந்தது. அடிக்கு 6.5 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 1.2 லிட்டர், 4 மணி நேரத்தில் 288 லிட்டர், எடுப்பது 200. மட்டம் மேலே ஏற ஏற ஊற்றின் வேகம் தளரும் என்பதால் அந்த மீதியை நம்பி டைமரை மாற்றவில்லை. நான்காவது பக்கத்து வேலியை அந்த வாரமே மூடினோம். முதல் மாலையில் எழுதிய 40 தூண்களில் இரண்டு மட்டும் மீந்தன.